சலூனில் கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்த்தல்: பணித்தாள் முதல் சான்றிதழ் வரை

அழகுக்கலை பயிலும் கல்லூரி மாணவர் ஒருவரை முடி திருத்தும் சலூனில் 6 வாரப் பயிற்சிக்குச் சேர்த்து, கல்லூரிக்குத் திருப்பி அனுப்பும் வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசைப்படி எழுதியிருக்கிறேன். பயிற்சி மாணவர்களை நான் தொடர்ந்து மேற்பார்த்து வருகிறேன். அவர்களும் அவர்களை எடுத்துக்கொண்ட சலூன்காரர்களும் இடறிய இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. மாணவர் என்ன செய்யலாம் என்பது எழுதப்படவில்லை, யார் பார்த்துக்கொள்வது என்பது முடிவாகவில்லை, கடைசி நாளில் எதை வைத்துச் சான்றிதழ் எழுதுவது என்றும் தெரியவில்லை. இந்த மூன்றுக்கும் ஒரே தாள் போதும். அந்தத் தாளை முன்வைத்தே இந்த வழிகாட்டி நகர்கிறது.

1. மாணவர் வருவதற்கு முன் முடிக்க வேண்டியவை

முதலில், வருபவர் பயிற்சி மாணவரா தன்னார்வலரா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பயிற்சி மாணவர் கற்பதற்காக வருகிறார், அவருடைய பாடத்திட்டத்தோடு உங்கள் சலூனின் வேலை இணைகிறது. தன்னார்வலர் பிறருக்கு உதவ வருகிறார். லாபத்திற்கு நடக்கும் சலூனில் தினமும் துண்டு மடித்து, தரை பெருக்கி, வாடிக்கையாளரின் தலை அலசிவிட்டுச் செல்பவரைத் தன்னார்வலர் என்று அழைப்பது முறையல்ல. பல நாடுகளின் தொழிலாளர் சட்டங்களும் அதை ஏற்பதில்லை. முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ நீங்கள் இலவசமாக நடத்தும் முடி வெட்டும் முகாம்தான் தன்னார்வலருக்கு உரிய இடம்.

இதைச் சோதிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு. மாணவர் நாளை வரவில்லையென்றால் அவர் இடத்தில் சம்பளத்துக்கு ஓர் ஆளைத் தேட வேண்டியிருக்குமா? ஆம் என்றால் நீங்கள் எடுத்திருப்பது உதவியாளரை. அவருக்கு உதவியாளருக்குரிய சம்பளத்தைக் கொடுத்துவிடுவதே நேர்மை.

இரண்டாவதாக, வாடிக்கையாளரின் முடியையும் தோலையும் தொடும் வேலைக்கு உங்கள் பகுதியில் உரிமம் தேவையா, மாணவருக்கு அதில் விலக்கு உண்டா, உங்கள் காப்பீடு பயிற்சி மாணவர் செய்யும் வேலைக்கும் பொருந்துமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இந்த விடைகள் கையில் இல்லாமல் பணித்தாளை எழுத முடியாது, ஏனெனில் தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியல் அவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

மூன்றாவதாக, கல்லூரியுடன் ஒரு பக்க ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பயிற்சியின் மொத்த மணி நேரம், கல்லூரியில் தொடர்புகொள்ள வேண்டிய ஆசிரியர், மாணவர் இதுவரை கற்று முடித்த பாடங்கள், உதவித்தொகையும் பயணச்செலவும் எவ்வளவு, யார் தருவது என்பவை அதில் இருந்தால் போதும். ஒவ்வாமை, ஆஸ்துமா, கையில் தோல் அழற்சி போன்றவை இருந்தால் சேரும் முன்பே சொல்லும்படி மாணவரிடம் தனியே கேளுங்கள். ப்ளீச் பவுடரும் ஹேர் கலரும் புழங்கும் இடத்தில் இதைப் பிறகு தெரிந்துகொள்வது தாமதமாகிவிடும்.

2. பணித்தாளை எழுதுதல்

ஒரு தாளின் இடப்பக்கத்தில் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் வரையுங்கள். முதல் கட்டம் ‘பார்த்தார்’, இரண்டாவது ‘மேற்பார்வையாளர் அருகில் நிற்கச் செய்தார்’, மூன்றாவது ‘தனியே செய்தார், முடிவு சரிபார்க்கப்பட்டது’. ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் கையொப்பமும் இட வேண்டும். ஒரு கட்டம் நிரம்பாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

வேலைகளின் வரிசையை நான் இப்படி வைக்கிறேன்: கருவிகளைச் சுத்தம் செய்தல், இருக்கையைத் தயார் செய்தல், முடி அலசுதல், கலரை அலசி எடுத்தல், கலர் கலத்தல், முடியைப் பகுதி பிரித்து ஃபாயில் எடுத்துக் கொடுத்தல், ப்ளோ டிரை. 6 வாரத்துக்கு இந்த ஏழு போதும். தவறு நேர்ந்தால் திருத்த எளிதானவை முன்னாலும் கடினமானவை பின்னாலும் வருகின்றன. பிழையாகக் கழுவிய சீப்பை மறுபடி கழுவலாம். தவறான அளவில் கலந்த கலர் தலையில் ஏறிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

தாளின் அடியில், எந்த நிலையிலும் மாணவர் செய்யக் கூடாதவற்றை எழுதுங்கள். வாடிக்கையாளரின் தலையில் ப்ளீச் பூசுதல், முடி நேராக்கும் ரசாயனத்தைக் கையாளுதல், சவரக்கத்தி பிடித்தல், ‘இந்தக் கலர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும்’ என்று உறுதி சொல்லுதல் ஆகியவை என் பட்டியலில் உள்ளன. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் முதலில் கேள்வி கேட்பது தம் பக்கத்தில் சும்மா நிற்பவரிடம்தான்.

பெருக்குதல் பற்றி ஒரு வார்த்தை. வெட்டிய முடி தரையில் கிடந்தால் கால் வழுக்கும் என்பதால் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் உடனே பெருக்கியாக வேண்டும். மாணவரும் முறை வைத்துப் பெருக்கட்டும், ஆனால் அந்த முறையில் மற்ற ஊழியர்களின் பெயர்களும் இருக்கட்டும். மாணவரின் பெயர் மட்டும் இருக்கும் பெருக்கல் பட்டியல், அவர் கற்க வந்தவர் என்பதைச் சலூன் மறந்துவிட்டதன் முதல் அறிகுறி.

3. ஒரே மேற்பார்வையாளர், அவருக்கென நேரம்

மாணவருக்கு வேலை சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். மூன்று ஸ்டைலிஸ்டுகள் மூன்று திசையில் அழைத்தால் மாணவர் எந்த வேலையையும் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க மாட்டார், பணித்தாளில் கையொப்பமிடவும் யாருக்கும் தகுதி இராது. வேறொருவருக்கு மாணவரின் உதவி தேவைப்பட்டால், அவர் மேற்பார்வையாளரைக் கேட்டு அழைத்துக்கொள்ளட்டும்.

உரிமையாளரே மேற்பார்வையாளராக இருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. போன், கணக்கு, பொருள் கொள்முதல் என்று அவர் அடிக்கடி எழுந்து போவார். ஐந்தாறு ஆண்டுகள் நாற்காலி அருகில் நின்று வேலை செய்த, பொறுமையுள்ள ஸ்டைலிஸ்ட் ஒருவர் ஏற்றவர்.

அவருடைய அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தை மாற்றாமல் அவரிடம் மாணவரை ஒப்படைப்பதே நான் அதிகம் பார்த்த பிழை. மாணவர் உடனிருக்கும் ஒவ்வொரு கலர் வேலைக்கும் 15 நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். மாணவர் முடி அலசத் தொடங்கிய முதல் இரண்டு வாரம், அதற்கான வழக்கமான 10 நிமிடத்தை 20 ஆக்குங்கள். நேரம் இல்லாதபோது மேற்பார்வையாளர் மாணவரின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொள்வார், அல்லது பார்க்காமலே கையொப்பமிடுவார். இரண்டுமே பணித்தாளைப் பயனற்றதாக்கிவிடும். தினமும் கடை மூடும் முன் 10 நிமிடம் இருவரும் உட்கார்ந்து அன்றைய கட்டங்களை நிரப்பட்டும். மறுநாளுக்குத் தள்ளினால் எந்த வேலையில் என்ன பிழை இருந்தது என்பது நினைவில் இருக்காது.

4. முதல் வாரம்: கருவிகள்

முதல் வாரம் மாணவர் வாடிக்கையாளரைத் தொட வேண்டாம். சீப்பு, பிரஷ், கிளிப் ஆகியவற்றைச் சுத்தம் செய்வதில் தொடங்குங்கள். இது கீழ்நிலை வேலை என்று மாணவர் எண்ணிவிடாதபடி, ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லிக் கொடுங்கள்.

முதலில் சிக்கிய முடியை எடுத்துவிட்டு, சோப்பு நீரில் கழுவ வேண்டும். அழுக்கும் எண்ணெயும் மேலே படிந்திருந்தால் கிருமிநாசினி சீப்பின் பரப்பைத் தொடவே தொடாது. கழுவியபின் நீரை உதறித் துடைக்க வேண்டும், இல்லையெனில் அந்த நீரே கரைசலின் வீரியத்தைக் குறைத்துவிடும். பிறகு கருவி முழுவதும் மூழ்கும்படி கரைசலில் இட்டு, அதன் உறையில் எழுதியுள்ள நேரம் வரை விட வேண்டும். பல கரைசல்களுக்கு அது 10 நிமிடம். அதன் பிறகு அலசி, உலர்த்தி, மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, சீப்பை அப்படியே ஜாடியில் போட்டுவிட்டுப் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுவது. ஜாடியில் முடி மிதந்தாலோ கரைசல் கலங்கியிருந்தாலோ, கழுவும் படி தவறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

5. முடி அலசுதல்: மாணவர் உண்மையில் கற்கும் இடம்

இரண்டாம் வாரம் மாணவர் பேசினுக்கு வருகிறார். மூன்று முறை பார்க்கட்டும், பிறகு சலூன் ஊழியர்களின் தலையில் ஐந்து முறை அலசட்டும், அதன் பின்னரே வாடிக்கையாளர். ஊழியர்களிடம் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் சுட்டாலோ காதுக்குள் இறங்கினாலோ வாடிக்கையாளர் பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். ஊழியர் உடனே சொல்லிவிடுவார்.

கழுத்தில் தொடங்குங்கள். பேசினின் விளிம்புக்கும் கழுத்துக்கும் இடையில் மடித்த துண்டு இருக்க வேண்டும், தலை மிகவும் பின்னால் தொங்கக் கூடாது. கழுத்து அளவுக்கு மீறிப் பின்னால் வளையும்போது மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அழுந்தக் கூடும். சலூன் பேசினில் தலை அலசிய பின் பாதிப்புக்குள்ளான ஐந்து பேரைப் பற்றி 1993-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் செய்தி வெளியானது. அரிதானதுதான், எனினும் முதியவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. தலைசுற்றுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், நுரை தலையில் இருந்தாலும் அலசுவதை நிறுத்தி, மெல்ல நிமிர்த்தி உட்கார வைத்து, மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மாணவர் மனப்பாடமாகச் சொல்லும் வரை பேசின் அருகில் விடாதீர்கள்.

தண்ணீரின் சூட்டை உள்மணிக்கட்டில் பார்க்க வேண்டும். அலசும் நேரம் முழுவதும் ஒரு விரல் ஷவரின் நீர்த்தாரையில் இருக்கட்டும், ஏனெனில் பக்கத்துக் குழாயை யாராவது திறந்தால் சூடு சட்டென்று மாறும்.

மாணவரின் கைகளையும் நீங்கள் காக்க வேண்டும். நாள் முழுதும் நீரிலும் ஷாம்புவிலும் ஊறும் கைகளில் தோலின் காப்புப் படலம் கரைந்து, அழற்சி வருகிறது. இத்தொழிலைத் தொடங்கிய புதிதிலேயே கைவிட்டுப் போகிறவர்களில் இதனால் போகிறவர்களும் உண்டு. மணிக்கட்டைத் தாண்டும் நைட்ரைல் கையுறையைக் கொடுத்து, நீர் உள்ளே இறங்காதபடி அதன் விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிடச் சொல்லுங்கள். ஒருமுறை அணிந்ததை மறுபடி அணியக் கூடாது. கையை நன்கு துடைத்து, மணமற்ற க்ரீம் தடவிக்கொள்ள நேரம் கொடுங்கள். விரல்களுக்கு இடையே தோல் சிவந்தாலோ வெடித்தாலோ அதுதான் முதல் அடையாளம். அன்றே பேசினிலிருந்து அவரை மாற்றி, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு நிகழ்வு. மூன்றாம் வாரத்தில் இருந்த மாணவி ஒருவர் முதன்முறையாகக் கலரை அலசினார். நுரை போய்விட்டது, நீர் தெளிவாக ஓடுகிறது என்று குழாயை மூடினார். மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துப் பிடரியில் வைத்து அழுத்தி எடுத்தார். துண்டில் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை இருந்தது. “மேலே தெளிஞ்சிருக்கும்மா, கீழே பாரு. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுப் பிடரியையும் காதுக்குப் பின்னாலயும் அலசு” என்றார். மாணவி, “சரிங்க அக்கா, நான் முன்பக்கத்துத் தண்ணியை மட்டும்தான் பார்த்தேன்” என்றார்.

பேசினில் தலை சாய்ந்திருக்கும்போது பிடரி முடி அடியில் அழுந்தியிருப்பதால் நீர் அங்கே போவதில்லை. முன்பக்கத்து நீர் தெளிந்துவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். மிச்சமிருக்கும் கலர் சட்டைக் காலரைக் கறையாக்கும், தோலையும் உறுத்தும். அன்று ‘தனியே செய்தார்’ கட்டம் காலியாகவே விடப்பட்டது, அருகில் ‘பிடரி, காதின் பின்புறம்’ என்று மேற்பார்வையாளர் எழுதினார். நான்கு நாள் கழித்து, தொடர்ந்து மூன்று வாடிக்கையாளர்களின் பிடரியில் வைத்த துண்டு வெள்ளையாகவே திரும்பியபோது கையொப்பம் விழுந்தது. பணித்தாளில் வெறும் ‘நன்று’ என்று எழுதுவதற்கும் இப்படி எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு சான்றிதழ் எழுதும் நாளில் தெரியும்.

6. நான்காம் வாரம் முதல்: கலர் அறை

இங்கே மாணவரின் வேலை கலத்தலும் நேரம் பார்த்தலும்தான். டெவலப்பரின் வீரியத்தைத் தேர்ந்தெடுப்பது ஸ்டைலிஸ்டின் பொறுப்பு. 10, 20, 30, 40 வால்யூம் என்பவை முறையே 3, 6, 9, 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு என்பதை மாணவர் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் 20 தீர்ந்துவிட்டதென்று அவராக 30-ஐ எடுக்கக் கூடாது.

கண் அளவில் ஊற்றும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். உறையில் 1:1.5 என்று இருந்தால், 60 கிராம் கலருக்கு 90 கிராம் டெவலப்பர். கிண்ணத்தைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, கலரைப் பிழிந்து 60 வந்ததும் மறுபடி பூஜ்யமாக்கி, 90 வரும் வரை ஊற்றினால் மனக்கணக்கே தேவையில்லை. டெவலப்பர் கூடினால் கலவை நீர்த்து நெற்றியில் வழியும், நரை சரியாக மறையாது. மாணவர் கலக்கும் முன் ஃபார்முலாவை உரக்கப் படிக்க வேண்டும், ஸ்டைலிஸ்ட் கேட்டு ‘சரி’ சொல்ல வேண்டும். மிஞ்சிய கலவையை மூடியிட்ட பாட்டிலில் அடைக்கக் கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கக் கூடும்.

பேட்ச் டெஸ்ட் பதிவேட்டைப் பார்க்கும் வேலையை மாணவரிடம் தருவது நல்லது. பெரும்பாலான கலர்களின் உறையில், பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு சோதிக்கும்படி எழுதியிருக்கும். நாளை மறுநாள் கலருக்கு வருபவர்களின் பெயர்களை எடுத்து, யாருக்குச் சோதனை நடக்கவில்லை என்று மாணவர் தினமும் சொல்லட்டும். சலூனுக்கும் இது உதவும், மாணவருக்கும் ஒரு பொறுப்பு கையில் இருக்கும். சோதனையைச் செய்வதும் தோலைப் பார்த்து முடிவு சொல்வதும் ஸ்டைலிஸ்டின் வேலை.

7. வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லுதல்

நாற்காலியில் உட்கார்ந்து துணி போர்த்திய பிறகு அனுமதி கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதை அனுமதி என்று கொள்ள முடியாது. வரவேற்பிலேயே, மாணவர் அருகில் இல்லாதபோது, “எங்களிடம் பயிற்சி மாணவர் ஒருவர் இருக்கிறார், உங்கள் முடியை அவர் அலசலாமா? வேண்டாமென்றால் எங்கள் ஊழியரே செய்வார்” என்று கேளுங்கள். மறுக்கும் வாய்ப்பைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டால் அவருக்கும் சங்கடமில்லை, மாணவருக்கும் முகத்துக்கு நேரே மறுப்பு வராது. மாணவரின் சட்டையில் ‘பயிற்சி மாணவர்’ என்ற அட்டை இருக்கட்டும்.

8. தவறு நேர்ந்தால்

வாடிக்கையாளர் முன்னிலையில் மாணவரைக் கண்டிக்காதீர்கள். மேற்பார்வையாளர் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, மன்னிப்பும் அவரே கேட்க வேண்டும், ஏனெனில் மாணவரை அங்கே நிறுத்தியது சலூன். கலர் கண்ணில் பட்டால் உடனே நிறைய நீர் விட்டு அலசத் தொடங்கிவிட்டு உரக்க அழைப்பது மாணவரின் கடமை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பவரால்தான் சிறிய தவறு பெரிதாகிறது. நடந்ததைப் பணித்தாளின் பின்பக்கம் நான்கு வரியில் எழுதி, அந்த வேலையை மட்டும் ஒரு கட்டம் பின்னுக்குக் கொண்டுபோங்கள். மற்ற வேலைகளில் கை வைக்க வேண்டாம்.

9. உழைப்புக்கு உரிய அங்கீகாரம்

பணத்திலிருந்து தொடங்குவோம். உதவித்தொகை எந்தத் தேதியில் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்தத் தேதியில் கொடுங்கள். டிப்ஸ் பற்றி முதல் நாளே முடிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் மாணவரின் கையில் கொடுத்தது மாணவருக்கே. பொதுப் பெட்டியில் விழுந்ததில் பேசினில் நிற்கும் ஊழியருக்கு எந்தப் பங்கோ, பேசினில் நின்ற நாட்களுக்கு மாணவருக்கும் அதே பங்கு. இதை முன்பே சொல்லாததால் எழும் மனக்கசப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாணவர் பங்கேற்ற வேலையின் படத்தை வெளியிடும்போது, வாடிக்கையாளரின் சம்மதத்தோடு, யார் எதைச் செய்தார் என்று எழுதுங்கள்: ‘கலர், வெட்டு: மூத்த ஸ்டைலிஸ்ட், ப்ளோ டிரை: பயிற்சி மாணவர்’ என்று இருவர் பெயரும் வரட்டும். முழு வேலையும் மாணவருடையது என்று காட்டுவதும், அவர் பெயரே இல்லாமல் விடுவதும் ஒரே அளவு தவறு. மாணவர் அந்தப் படத்தைத் தன் வேலைத்தொகுப்பில் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அதே சம்மதப் படிவத்தில் கேட்டுவிடுங்கள்.

சான்றிதழுக்கு வருவோம். ‘பயிற்சியைச் சிறப்பாக நிறைவு செய்தார்’ என்ற ஒற்றை வரி எல்லாருக்கும் ஒன்றாகவே இருப்பதால் எந்த வேலை கொடுப்பவருக்கும் அது எதையும் சொல்வதில்லை. பணித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வாரம் 4 நாள், நாளுக்கு 5 மணி நேரம் என 6 வாரம் வந்த மாணவருக்கு இப்படி எழுதலாம்:

“இவர் எங்கள் சலூனில் 120 மணி நேரம் பயிற்சி பெற்றார். கருவிகளைக் கிருமிநீக்கம் செய்தல், முடி அலசுதல், கலரை அலசி எடுத்தல், எழுதிய ஃபார்முலாப்படி கலர் கலத்தல் ஆகியவற்றைத் தனியே செய்யும் தகுதி பெற்றார். ஃபாயில் வேலையிலும் ப்ளோ டிரையிலும் மேற்பார்வையின் கீழ் பங்கேற்றார். ப்ளீச், ரசாயன முடி நேராக்கல் ஆகியவற்றில் இவருக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை.”

கடைசி வாக்கியத்தைச் சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்காதீர்கள். இல்லாத தகுதியை யாரும் ஊகித்துக்கொண்டு அவரை ப்ளீச் கிண்ணத்தின் முன் நிறுத்தாமல் காப்பது அந்த வாக்கியம்தான். அது இருப்பதால் மேலே உள்ள வரிகளையும் நம்புவார்கள். கையொப்பம் உரிமையாளருடையதோடு மேற்பார்வையாளருடையதாகவும் இருக்கட்டும்.

தன்னார்வலருக்கு இதன் சுருக்கம் போதும்: முகாம் நடந்த இடம், தேதி, மணி நேரம், அவர் செய்த வேலை. முகாமிலும் கருவிச் சுத்தத்தின் விதிகளும் தடைப் பட்டியலும் அப்படியே பொருந்தும். இலவசமாகத் தலையைக் கொடுப்பவருக்கு ஆபத்து குறைந்துவிடுவதில்லை.

10. கடைசி நாள்

கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பீட்டை முதலில் மாணவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கு மறுப்பு இருந்தால் அதை அதன் கீழேயே எழுதச் சொல்லி, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அரை மணி நேரம் ஒதுக்கி, எந்த வேலையில் மேற்பார்வை போதவில்லை என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பணித்தாளைத் திருத்த அது தேவைப்படும். கையொப்பங்கள் உள்ள மூலப் பணித்தாளை மாணவரிடம் கொடுத்துவிட்டு, அதன் நகலைச் சலூனில் வைத்துக்கொள்ளுங்கள்.